மூன்று ஊருக்கும் பொதுவாக ஒரு அழைப்பு: நேரத்தை எப்படி எழுதுவது?

கேள்வி: நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். உடன் வேலை செய்பவர்களில் ஒருவர் லண்டனில், ஒருவர் சான் பிரான்சிஸ்கோவில். 2026 மார்ச் 17 வாக்கில் மூவரும் ஒரு மணி நேரம் பேச வேண்டும். போன மார்ச்சில் ஒருவர் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து காத்திருந்தார், இன்னொருவர் மறுநாள் வந்தார். மெயிலில் எப்படி எழுதினால் குழப்பம் வராது?

பதில்: அந்த வாரத்தில் லண்டன் உங்களைவிட 8 மணி நேரமும், சான் பிரான்சிஸ்கோ 15 மணி நேரமும் பின்தங்கியிருக்கும். மூவருக்கும் அலுவலக நேரமாக அமையும் வேளை எதுவும் கிடையாது. அதனால் "உங்களுக்கு எப்போது வசதி?" என்று கேட்காதீர்கள். பத்து மெயில் போய்வந்தும் முடிவு வராது. யாராவது ஒருவர் சிரமப்பட்டே ஆக வேண்டும் என்பதால், அந்தச் சிரமம் ஆளுக்கு ஆள் மாறும்படி மூன்று வேளைகளை நீங்களே எழுதுங்கள்:

அ) சான் பிரான்சிஸ்கோ செவ்வாய் 17 காலை 6, லண்டன் செவ்வாய் 17 மதியம் 1, சிங்கப்பூர் செவ்வாய் 17 இரவு 9
ஆ) சான் பிரான்சிஸ்கோ புதன் 18 காலை 7, லண்டன் புதன் 18 மதியம் 2, சிங்கப்பூர் புதன் 18 இரவு 10
இ) சான் பிரான்சிஸ்கோ செவ்வாய் 17 மதியம் 3, லண்டன் செவ்வாய் 17 இரவு 10, சிங்கப்பூர் புதன் 18 காலை 6

ஒவ்வொரு ஊருக்கும் கிழமையும் தேதியும் தனித்தனியாக இருக்கட்டும். மூன்றாவது வேளையில் உங்களுக்கு மட்டும் புதன். இதை எழுதாமல் விட்டால்தான் ஒருவர் மறுநாள் வந்து சேர்வார். பதில் சொல்லக் கெடு வைக்கும்போதும் "வெள்ளிக்குள்" என்று விடாமல், எந்த ஊர் வெள்ளி, எத்தனை மணி என்று குறிப்பிடுங்கள்.

ஒரு மணி நேரம் முன்னால் வந்தவரின் சிக்கல் வேறு. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது. பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறுதான் தள்ளுகிறது. 2026-இல் அவை 8-ம் தேதியும் 29-ம் தேதியும். ஆண்டின் பெரும்பகுதி இந்த இரு ஊர்களுக்கும் 8 மணி நேர வித்தியாசம். இடைப்பட்ட அந்த மூன்று வாரம் மட்டும் 7. லண்டனில் மதியம் 2 என்றதும், பழக்கத்தில் 8-ஐக் கழிப்பவர் சான் பிரான்சிஸ்கோவில் காலை 6 என்று முடிவு செய்துவிடுவார். உண்மையில் அங்கே 7. நீங்கள் கேட்கும் மார்ச் 17 இந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது. அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரையும் இதே கதை. இரண்டு நாடுகளும் ஒரே ஞாயிறைத் தேர்ந்தெடுக்க இத்தனை ஆண்டுகளாகியும் முடியவில்லை. அவஸ்தை முழுவதும் கூட்டம் ஏற்பாடு செய்பவர் தலையில்தான் விடிகிறது.

காலண்டரில் நேர மண்டலம் தேர்ந்தெடுக்கும்போது `Europe/London` என்று ஊர்ப்பெயரையே எடுங்கள். `GMT` என்று எடுத்தால் மார்ச் 17-இல் எந்த வித்தியாசமும் தெரியாது. வாராவாரம் வரும் அழைப்பாக இருந்தால் 29-க்குப் பிறகு லண்டன்காரருக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போய்விடும். இந்தத் தேர்வைப் பல செயலிகள் இரண்டு மெனுவுக்கு உள்ளே ஒளித்து வைத்திருப்பது சகிக்க முடியாத அலட்சியம்.

சுருக்கெழுத்துகளை நம்பவே நம்பாதீர்கள். `CST` சீன நேரத்தையும் குறிக்கும், அமெரிக்காவின் மத்திய நேரத்தையும் குறிக்கும். இடையில் 14 மணி நேரம். `IST` என்பது இந்தியாவா, இஸ்ரேலா, அயர்லாந்தா? தேதியைக் கேட்காமல் மணியை மட்டும் மாற்றிக் காட்டும் இணையதளங்களும் ஆபத்துதான். அவை காட்டுவது இன்றைய வித்தியாசம், கூட்ட நாளுடையது அல்ல. எல்லோரையும்விட மோசமானவர், உங்கள் மெயிலைப் படித்துவிட்டு "நாளை இரவு 10 மணி" என்று சுருக்கி மற்றவர்களுக்கு அனுப்பும் இடைத்தரகர். மூவருக்கும் நீங்களே நேரடியாக எழுதுங்கள்.

முடிவானதும், பழைய மெயிலுக்கு அடியில் "சரி, ஆ" என்று போடாமல் புதிய தலைப்பில் தனி மெயில் அனுப்புங்கள்:

"உறுதியானது: புதன், 18 மார்ச் 2026. சான் பிரான்சிஸ்கோ காலை 7–8, லண்டன் மதியம் 2–3, சிங்கப்பூர் இரவு 10–11. (யுடிசி 14:00) மற்ற இரண்டு வேளைகளும் ரத்து. உங்கள் ஊர்க் கிழமையையும் நேரத்தையும் நீங்களே எழுதிப் பதில் அனுப்புங்கள்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். "ஓகே" என்ற பதிலில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. "எனக்குப் புதன் காலை 6" என்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்தால் தவறு உடனே தெரிந்துவிடும். பதில் வராதவரை அவர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலண்டர் இன்வைட் உங்களிடமிருந்து ஒன்றே ஒன்று போகட்டும். மற்ற இரண்டு வேளைகளுக்கும் முன்கூட்டியே இடம் பிடித்து வைத்திருந்தால் அவற்றை அன்றே நீக்கிவிடுங்கள்.