யோகா மேட், வீட்டு ஜிம் சாமான்களுக்கு விவரம் எழுதுவது: கேள்வி பதில்

மேட், பெஞ்ச், டம்பெல் வகையறாவுக்குப் பல வருடமாக லிஸ்டிங் எழுதிவருகிறேன். தடிமன், பிடிப்பு, எடை, தரை பற்றிக் கேளுங்கள். விளம்பரச் செலவு, போட்டோ எல்லாம் என் துறை இல்லை.

மேட் தடிமன் 10 மி.மீ. என்று போட்டிருந்தேன் சார். வாங்கியவர் அளந்து பார்த்து 8 தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். யார் சொல்வது சரி?

இரண்டு பேருமே சரியாக இருக்கலாம். நுரை மேட்டை வெர்னியர் காலிப்பரில் வைத்தால் அதன் தாடைகளே மேட்டை அமுக்கிவிடும். எவ்வளவு இறுக்குகிறீர்களோ அவ்வளவு குறையும். எங்கே அளந்தார் என்பதும் முக்கியம். மேடுபள்ளமாக வரி போட்ட மேட் என்றால் மேடான இடத்தில் ஓர் எண் வரும், பள்ளத்தில் வேறு எண் வரும்.

நான் செய்வது இது. ஒரு மேட்டிலிருந்து உள்ளங்கை அளவு நான்கு துண்டு வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே லேசான தட்டைப் பலகை ஒன்று வைத்து, ஸ்கேலால் மொத்த உயரம் பார்த்து நான்கால் வகுப்பேன். 34 மி.மீ. வந்தால் தடிமன் 8.5. அப்படி வந்த ஒரு சரக்குக்கு, தொழிற்சாலை 10 என்று சொன்னாலும் நான் 8.5 என்றுதான் போட்டேன். அளக்காத எண்ணை எழுதாதீர்கள். இன்று இதை நிறைய முறை சொல்லப்போகிறேன்.

தடிமன் கூடினால் நல்ல மேட் என்றுதானே மக்கள் நினைக்கிறார்கள்? 15 மி.மீ. என்று போட்டால் நன்றாகப் போகிறதே.

போகும், திரும்பியும் வரும். படுத்துச் செய்வதற்கும் மண்டியிடுவதற்கும் 10, 15 சுகமாக இருக்கும். ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லுங்கள். பாதம் புதைந்து கணுக்கால் ஆடும். அதனால் எண்ணுக்குப் பக்கத்திலேயே எதற்கு என்று ஒரு வரி சேருங்கள்: "படுத்தும் மண்டியிட்டும் செய்யும் பயிற்சிக்கு, நின்று சமநிலை பிடிக்கும் ஆசனங்களுக்கு 4 முதல் 6 மி.மீ. மேட் பொருந்தும்."

அப்புறம், மேட்டின் சொந்த எடையையும் போடுங்கள். 183 x 61 செ.மீ. அளவில் 5 மி.மீ. இயற்கை ரப்பர் மேட் இரண்டரை கிலோ அளவுக்கு வரும். அதே அளவில் 10 மி.மீ. என்.பி.ஆர். எனும் செயற்கை ரப்பர் நுரை பெரும்பாலும் ஒரு கிலோவைத் தொடாது. இந்த இரண்டையும் பார்த்தாலே எது அடர்த்தி, எது காற்று என்று வாங்குபவருக்குப் புரிந்துவிடும்.

ஆன்டி ஸ்லிப் என்று போட்டால் போதாதா?

போதாது. மேட்டுக்கு இரண்டு முகம். கை வழுக்குவது வேறு, மேட்டே தரையில் நகர்வது வேறு. மேல்முகத்தில் என்ன பொருள், அடிமுகத்தில் என்ன பொருள் என்று தனித்தனியாக எழுதுங்கள். கூடவே காய்ந்த கை, வியர்த்த கை இரண்டிலும் சோதியுங்கள். டி.பி.இ. எனும் ரப்பர் போன்ற பிளாஸ்டிக் நுரையில் துளைகள் மூடியிருக்கும். அது வியர்வையை உறிஞ்சாது, ஈரம் மேலேயே நின்று வழுக்கும். மைக்ரோஃபைபர் துணி மேட் நேர்மாறு. காய்ந்திருக்கும்போது வழுக்கும், லேசாக நனைந்தால் பிடிக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் முதல் நாளே ஒற்றை ஸ்டார்தான்.

என் எடை 96 கிலோ. எந்த மேட் வாங்கலாம் அண்ணா?

இது விற்பவர்களுக்கான இடம் தம்பி. இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் எடைக்கு மேட் உடையாது. முட்டி வைத்தால் தரை தட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். தடிமனைவிட அடர்த்தி உங்களுக்கு முக்கியம்.

லிஸ்டிங் படிவம் மேட்டுக்கும் எடை வரம்பு கட்டாயம் கேட்கிறது. 150 போடட்டுமா?

எங்கிருந்து வந்த 150? "பொருந்தாது" என்ற தேர்வு இருந்தால் அதைத் தட்டுங்கள். அளக்காத எண் வேண்டாம்.

எல்லாத் தரைக்கும் ஏற்றது என்று ஒரே வரியில் போடலாம் அல்லவா?

அந்த வரியை நானே ஒருமுறை எழுதி வருத்தப்பட்டிருக்கிறேன். ரப்பர் அடிப்பாகம் கொண்ட மேட். வாங்கியவர் வினைல் தரையில் மாதக்கணக்கில் விரித்தே வைத்திருந்தார். எடுத்தபோது மேட்டின் வடிவத்திலேயே மஞ்சள் பழுப்புக் கறை. துடைத்தார், தேய்த்தார், போகவில்லை, போகவும் போகாது. ரப்பர் சீக்கிரம் கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள்கள் மெல்ல வினைலுக்குள் இறங்கி நிறம் மாற்றுகின்றன. அது மேல்அழுக்கு அல்ல. பி.வி.சி. மேட்டிலும் வேறு வகையில் இப்படி நடக்கும். அதை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் வார்னிஷ் அடித்த மரத்தரைக்குள் போய்ப் பிசுபிசுப்பாக்கிவிடும்.

இப்போது நான் எழுதுவது: "டைல்ஸ், கல், சிமெண்டுத் தரைக்கு ஏற்றது. தூசி இருந்தால் நகரும், துடைத்துவிட்டு விரிக்கவும். வினைல், வார்னிஷ் மரத்தரையில் பயிற்சி முடிந்ததும் சுருட்டி எடுத்துவிடவும். கம்பளத்தின் மேல் மேட்டில் சுருக்கம் விழும்." நான்கு சின்ன வாக்கியம். இதை எழுதியதால் விற்பனை குறைந்ததாக நான் பார்த்ததில்லை.

10 என்று வந்தது, அளந்தால் 9. என்ன போட?

9. முதல் பதிலைப் பாருங்கள்.

மடக்கு பெஞ்ச். தொழிற்சாலைச் சோதனை அறிக்கையில் 300 கிலோ இருக்கிறது. நானாகச் சொல்லவில்லை, காகிதமே சொல்கிறது. டைட்டிலில் 300 போட்டால் என்ன தப்பு?

காகிதம் பொய் சொல்லவில்லை. ஆனால் அது மெதுவாக ஏற்றி வைத்த பாரம். மனிதர் அப்படி உட்காருவதில்லை, தொப்பென்று உட்காருவார். அந்த நொடியில் விழும் விசை அவர் எடையைவிட அதிகம். சோதனை எண் வேறு, பயன்பாட்டு எண் வேறு. பெஞ்சில் ஒட்டிய லேபிளில் என்ன இருக்கிறது?

லேபிளில் 200. ஆனால் போட்டியாளர்கள் எல்லாரும் 300, 400 போடுகிறார்களே?

அந்த 200ஐயும் எதன் எண் என்று எழுதாவிட்டால் ஆபத்துதான். படுப்பவர் 85 கிலோ. பார்பெல் தட்டுகளோடு 120. கூட்டினால் 205, வரம்பு தாண்டிவிட்டது. ஆனால் "200 கிலோ தாங்கும்" என்று படித்தவர் என்ன நினைப்பார்? 200 கிலோ தூக்கலாம் என்று. "ஆள், பாரம் சேர்த்து மொத்தம் 200 கிலோ" என்று எழுதுங்கள்.

குறுக்கே வருகிறேன், நான் வெல்டர். குழாய் ஒன்றும் ஆகாது. சாய்மானத்தைப் பிடிக்கும் இரும்பு முளையும் அது நுழையும் ஓட்டையும்தான் முதலில் போகும். சாய்த்து வைத்தால் 200 என்பதே எனக்குச் சந்தேகம்.

நீங்கள் சொல்வது சரி. நான் இதை விட்டுவிட்டேன். சாய்த்த நிலைக்குத் தனி வரம்பு வேண்டும் என்று தொழிற்சாலையிடம் கேட்க வேண்டும்.

கேட்டேன். ஒரே எண்தான் தருகிறார்கள். அப்போது டைட்டிலில் எதைப் போடுவது?

நான் மொத்தப் பாரத்தை முதலில் போடுவேன். சாய்த்த நிலைக்கு எண் கிடைக்காவிட்டால், "இந்த வரம்பு தட்டையான நிலைக்கு மட்டும், சாய்த்த நிலைக்குத் தனி வரம்பு தரப்படவில்லை" என்று அடுத்த வரியிலேயே எழுதுவேன்.

வெல்டர் மறுபடியும்: அது போதாது. எண் இல்லாத நிலையில் சாய்த்துப் பயன்படுத்தலாம் என்றே எழுதக் கூடாது.

அப்படி எழுதாவிட்டால் சாயும் பெஞ்சைச் சாயாத பெஞ்சாக விற்க வேண்டும். விற்பவர் ஒத்துக்கொள்வாரா தெரியாது. இதில் நீங்களும் நானும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

டிரெட்மில்லுக்கும் இதே கணக்குதானா?

அதில் இருப்பது ஓடுபவரின் எடை வரம்பு மட்டும். மோட்டார் விஷயம் எனக்குத் தெரியாது, பழுது பார்ப்பவரிடம் கேளுங்கள்.

10 மி.மீ. மேட் அளந்தால் 8...

நான்கு துண்டு, ஒரு பலகை, ஒரு ஸ்கேல்.