நாலு வரி லெஜண்டில் எதை வைப்பது, எதை வெட்டுவது: கேள்வி பதில்

மேடம், எம்டிடி அஸ்ஸேக்கு என் மெத்தட்ஸ் ஒன்றரைப் பக்கம். கைடு நாலு வரியில் படக்குறிப்பு கேட்கிறார். ஹீலா செல், குர்க்குமின் 0, 10, 20, 40 மைக்ரோமோலார், 48 மணி நேரம். ஒவ்வொரு டோஸுக்கும் 6 வெல், மூன்று வெவ்வேறு நாளில் செய்தேன். n = 18 என்று போடட்டுமா?

போடாதீர்கள். ஒரே நாளில் ஒரே பிளேட்டில் இருக்கும் ஆறு வெல்லும் உங்கள் பைப்பெட் கை எவ்வளவு நிதானம் என்பதைத்தான் சொல்லும். இன்னொரு நாள் புதிதாக செல் வளர்த்துச் செய்தால் இதே பலன் வருமா என்பதற்கு உங்களிடம் மூன்று சாட்சிதான். ஆறு வெல்லுக்கும் சராசரி எடுத்து, அந்த மூன்று சராசரிகளை வைத்து எர்ரர் பார் போடுங்கள்.

வெட்டும்போது ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து, இது மாறியிருந்தால் படத்தை வாசகர் வேறு மாதிரி படிப்பாரா என்று பாருங்கள். சீரம் எத்தனை சதவீதம், எந்த கம்பெனி பிளேட், 570 நானோமீட்டர் எல்லாம் மெத்தட்ஸிலேயே இருக்கட்டும். 100% என்பது எதில் 100% என்பதை மட்டும் விடக்கூடாது. உங்கள் 0 டோஸில் குர்க்குமினைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ உண்டா, வெறும் மீடியமா? அது தெரியாமல் எந்தப் பட்டைக்கும் பொருள் இல்லை. நான் எழுதினால் இப்படி:

"படம் 2. குர்க்குமின் டோஸ் கூடக்கூட ஹீலா செல்களின் எம்டிடி அளவு குறைகிறது (48 மணி நேரம்). மற்ற டோஸ்களில் உள்ள அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் சேர்த்த செல்கள் = 100%. ஒவ்வொரு புள்ளியும் தனி நாளில் செய்த ஒரு சோதனை, 6 வெல்லின் சராசரி. பட்டை சராசரி; எர்ரர் பார் எஸ்டி; n = 3."

முதல் வரியில் "செல்கள் சாகின்றன" என்று எழுதவில்லை, கவனித்தீர்களா? எம்டிடி காட்டுவது செல்லின் வளர்சிதை மாற்றத்தை. செல் செத்தாலும் அளவு குறையும், பெருகாமல் நின்றாலும் குறையும். இன்னொன்று: குர்க்குமினுக்கே நிறம் உண்டு, செல் இல்லாமலே எம்டிடியோடு வினைபுரியவும் கூடும். செல் இல்லாத வெல்லின் அளவைக் கழித்திருந்தால் அதையும் அரை வரியில் சேருங்கள். கழிக்காவிட்டால் லெஜண்டை மூடிவிட்டு லேபுக்குப் போங்கள்.

கண்ட்ரோல் பட்டைக்கு மட்டும் எர்ரர் பாரே வரவில்லை. சாஃப்ட்வேர் கோளாறா?

இல்லை. ஒவ்வொரு நாளும் அன்றைய கண்ட்ரோலை 100 ஆக்கினால் மூன்று நாளும் 100தான், எஸ்டி பூஜ்யம். "அந்தந்த நாள் கண்ட்ரோலுக்கு ஒப்பிட்டது" என்று ஒரு வரி போடுங்கள். அந்த பூஜ்யத்தையும் ஒரு குழுவாக வைத்து சாதாரண அனோவா ஓட்டாதீர்கள்.

டிரிப்ளிகேட்டில் செய்தேன், n = 3 தானே?

டிரிப்ளிகேட் என்பது மூன்று வெல்லா, மூன்று நாளா? மூன்று வெல் என்றால் n = 1. மேலே படியுங்கள்.

எஸ்டிக்குப் பதில் எஸ்இஎம் போட்டால் என்ன? எஸ்இஎம் பார்கள் ஒன்றோடொன்று மோதாவிட்டால் வித்தியாசம் சிக்னிஃபிகன்ட் என்று எங்கள் லேபில் எல்லோரும் படிக்கிறோம்.

பாதி சரி. ஏறக்குறைய சம அகலமுள்ள எஸ்இஎம் பார்கள் மோதினால், அவை தனித்தனிக் குழுக்கள் என்றால், p 0.05க்கு மேல்தான் இருக்கும். மோதாவிட்டால் 0.05க்குக் கீழே என்பது மட்டும் தப்பு. n = 3 என்றால் இரண்டு பார்களின் நுனிக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு எஸ்இஎம் இடைவெளி வேண்டும்; n பத்தைத் தாண்டினால் ஒன்று போதும். அதனால்தான் பார் எது, n எத்தனை என்ற இரண்டையும் லெஜண்டில் கேட்கிறேன். எஸ்இஎம் என்பது எஸ்டியை √n ஆல் வகுத்தது. n = 3இல் பார் 1.73 மடங்கு குட்டையாகும். பலருக்கு அது பிடிப்பதே அழகுக்காகத்தான்.

அழகுக்காக இல்லை மேடம். சராசரி எவ்வளவு உறுதி என்று காட்ட எஸ்இஎம்தானே பொருத்தம்? மூன்று புள்ளிக்கு எஸ்டி மட்டும் என்ன சொல்லிவிடும்?

நல்ல அடி. மூன்று புள்ளியில் எஸ்டியும் தள்ளாட்டம்தான். ஆனால் உறுதியைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் 95% நம்பிக்கை இடைவெளியையே போடுங்கள்: n = 3இல் அது எஸ்இஎம்மைப் போல 4.3 மடங்கு நீளம். போட மனசு வருமா?

வராது! ஆனால் அந்தப் படம் 2 சோதனையே நாளுக்கு நாள் ஜோடி ஜோடியாக இருக்கிறதே. ஜோடிக்கு எந்த பாரும் உதவாதே?

உண்மை. கண்ட்ரோலும் 40 மைக்ரோமோலாரும் ஒரே நாளில் ஒரே செல்லில் நடந்தவை, அவற்றின் வித்தியாசத்தைத் தனித்தனி பார்கள் காட்டாது. ஒரே நாள் புள்ளிகளைக் கோட்டால் இணைக்கலாம். அப்போது எர்ரர் பாரே வேண்டாம் என்கிறார்கள் சிலர். எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. படிப்பவர்கள் கண் முதலில் பாரைத்தான் தேடுகிறது.

என் படம் வெஸ்டர்ன் பிளாட். லெஜண்டுக்கு எந்த ஃபான்ட் சைஸ்?

ஜர்னலின் ஆதர்ஸ் கைடில் பாருங்கள். பிளாட்டில் பேண்டை எதற்கு ஒப்பிட்டு அளந்தீர்கள் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

நட்சத்திரம் போட்டால் போதுமா?

எந்த டெஸ்ட், எதோடு எதை ஒப்பிட்டது என்று எழுதினால் போதும்.

மேடம், 6 வெல் × 3 பிளேட், எல்லாம் ஒரே நாள். n = 18 ஆ, 3 ஆ?

ஒரே ஃபிளாஸ்க் செல்லா? அப்படியென்றால் 1.