பெரிய பேட்டரி நிறைந்திருக்க, மின்சார கார் ஏன் எழவில்லை?

கே: திரையில் 100 சதவீதம் காட்டுகிறது. கூடவே ‘12 வோல்ட் பேட்டரி குறைவு’ என்ற எச்சரிக்கையும் வருகிறது. எதை நம்புவது? (வாசகர், குன்னூர்)

இரண்டையும் நம்புங்கள். 100 சதவீதம் என்பது காரை ஓட்டும் பெரிய பேட்டரியின் அளவு. காரை அணைத்ததும் அதைப் பாதுகாப்புக்காக ரிலேக்கள் எனும் மின் சுவிட்சுகள் துண்டித்துவிடும். அதை மறுபடி இணைக்க 12 வோல்ட் சின்ன பேட்டரியின் மின்சாரம்தான் வேண்டும். குதிர் நிறைய நெல் இருந்தும் பூட்டைத் திறக்கச் சாவி இல்லாத கதைதான்.

கே: சார்ஜரில் மாட்டியபடியே விட்டுவிட்டு 12 நாள் மதுரைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கதவே திறக்கவில்லை. சார்ஜரில் இருந்த காருக்கு இது எப்படி நேரும்? (வாசகி, கொடைக்கானல்)

சின்ன பேட்டரிக்குத் தீனி போடுவது, பெரிய பேட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் கன்வெர்ட்டர். பெரிய பேட்டரி நிறைந்து சார்ஜ் நின்றதும் அதுவும் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். சில கார்கள் உறக்கத்திலும் அவ்வப்போது விழித்துச் சின்ன பேட்டரியை நிரப்பும், சில செய்யாது.

நிறுத்தியபோதும் ஓடும் டேஷ்கேமரா இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது 0.3 ஆம்பியர் எடுத்தால் நாளுக்கு ஏழு ஆம்பியர்-மணி. 40 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு நாளுக்குள் காலி. ஊரிலிருந்து செல்போன் செயலியில் காரை எட்டிப் பார்த்திருந்தால், ஒவ்வொரு முறையும் காரை எழுப்பியிருப்பீர்கள்.

இனி ஊருக்குப் போகும்போது கேமராவைக் கழற்றிவிடுங்கள். திரும்பியதும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சில மணி நேரம் உறங்கிய காரில், ஈய-அமில பேட்டரி என்றால் 12.6 வோல்ட் நலம், 12.2 பாதி, 11.8-க்குக் கீழே காலி. கதவைத் திறந்ததுமே கார் விழித்து அளவு மாறிவிடும், அவசரப்படாதீர்கள். காரை இயக்கிய பிறகு 13.5-க்கு மேல் வந்தால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. 12.4-லேயே நின்றால் பழுது பேட்டரியில் அல்ல, கன்வெர்ட்டர் பக்கம். பணிமனைக்குப் போக வேண்டியதுதான்.

கே: வழியில் படுத்துவிட்டால்? (வாசகர், கோத்தகிரி)

ரிமோட்டுக்குள் இருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, கையேடு காட்டும் முனைகளில் 12 வோல்ட் பூஸ்டரை மாட்டுங்கள். இன்ஜினைச் சுழற்ற வேண்டியதில்லை, ரிலேக்கள் பெரிய பேட்டரியை இணைத்தால் போதும். சிறிய பூஸ்டரே எழுப்பிவிடும். தேயிலை லாரிக்காரர் உதவிக்கு நின்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்: லாரியில் இருப்பது 24 வோல்ட், மின்னணுப் பலகைகள் கருகிவிடும். ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடவே கூடாது. எழுந்ததும் அணைக்காமல் ஒரு மணி நேரமாவது இயக்கத்தில் விடுங்கள்.

கே: கோவையில் ஒரு தொல்லையும் தராத கார், ஊட்டிக்கு வந்த முதல் ஜனவரிக் காலையிலேயே எழ மறுத்தது. குளிரா காரணம்? (வாசகர், உதகை)

குளிர் காட்டிக்கொடுத்தது, கெடுத்தது சமவெளி வெயில். ஈய-அமில பேட்டரியின் தகடுகளை அரிப்பது வெப்பம்தான். உறைநிலையை ஒட்டிய காலையில் அதன் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறையும். நான்கு வயது கடந்த பேட்டரி என்றால் சார்ஜ் செய்து பார்ப்பதைவிட மாற்றிவிடுவேன்.