வெண்டைக்காய்க்கு ஈரம் ஆகாது, கத்தரிக்காய்க்குத் தண்ணீர் வேண்டும்

கேள்வி: வெண்டைக்காய் வதக்கினால் எப்போதும் கொழகொழவென்று ஆகிறது. கத்தரிக்காயோ கசக்கிறது, கசக்காத அன்று குழைந்து கூழாகிவிடுகிறது. இரண்டையும் சரியாகச் சமைப்பது எப்படி?

வெண்டைக்காயின் கொழகொழப்புக்குக் காரணம் அதனுள் இருக்கும் பிசின். தண்ணீர் பட்டால் அது ஊறி, இழை இழையாக நீளும். ஆகவே வெண்டைக்காயை முழுசாக இருக்கும்போதே கழுவ வேண்டும். ஒவ்வொரு காயாகத் துணியால் துடைத்து, காம்புப் பக்கத்தில்கூட ஈரம் இல்லாதபடி காற்றாட விட்ட பிறகுதான் நறுக்க வேண்டும். கத்தியும் பலகையும்கூட உலர்ந்திருக்க வேண்டும். நறுக்கிய பிறகு கழுவுவதைப் போன்ற கெடுதல் வேறில்லை. துண்டுகள் ஒரு விரல் அகலம் இருக்கட்டும். பொடியாக நறுக்க நறுக்க வெட்டுப்பட்ட முகங்கள் கூடும், பிசினும் அதிகமாக வெளியே வரும்.

கால் கிலோ காய்க்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். அதைவிட முக்கியம் வாணலியின் அகலம். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் கீழே உள்ளவை ஆவியில் வேகும், வதங்காது. எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் காயைப் போட்டு, தீயை நடுத்தரத்துக்குச் சற்று மேலே வைத்து, மூடாமல் விடுங்கள். உப்பு இப்போது வேண்டாம். அது காயிலிருந்து நீரை இழுத்துவிடும். மூன்று நான்கு நிமிடத்தில் கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக வரும். பலரும் பயந்துபோய் விடாமல் கிளறத் தொடங்குவது இந்த இடத்தில்தான். கிளறினால் துண்டுகள் உடைந்து இன்னும் பிசின் வரும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டால் போதும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நூல் அறுந்து, ஓரங்கள் லேசாகச் சிவந்து, துண்டுகள் தனித்தனியாக நகரும். உப்பையும் மிளகாய்த்தூளையும் அப்போது சேருங்கள்.

நூல் அதற்குப் பிறகும் விடவில்லையென்றால் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறோ கெட்டியான புளிக்கரைசலோ விட்டுப் புரட்டுங்கள். புளிப்பு பிசினைத் தளர்த்தும். வெங்காயம் சேர்ப்பதானால் தனியாக வதக்கிக் கடைசியில் கலக்க வேண்டும். அது விடும் நீர் உங்கள் உழைப்பை வீணாக்கிவிடும்.

கத்தரிக்காயின் கசப்பில் பாதி, வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. தோல் பளபளவென்று, காம்பின் இதழ் பச்சையாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி மேலெழும்ப வேண்டும். குழி அப்படியே நின்றால் காய் முற்றிவிட்டது. வெட்டும்போது விதை பழுப்பாகவும் கெட்டியாகவும் இருந்தால் அந்தப் பகுதியைச் சுரண்டி எறியுங்கள். உப்புத் தண்ணீரில் எவ்வளவு நேரம் போட்டாலும் முற்றிய காய் இளங்காய் ஆகாது.

நல்ல காயை நறுக்கும்போது துண்டுகளை நேராகத் தண்ணீருக்குள் போடுங்கள். காற்றுப்பட்டால் வெட்டிய முகம் கறுக்கும். இரும்புக் கத்தியானால் இன்னும் சீக்கிரம் கறுக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு. துண்டுகள் மிதக்கும் என்பதால் மேலே ஒரு தட்டை வைத்து அமுக்கிவிடுங்கள். கால் மணி நேரத்தில் தண்ணீர் லேசாகப் பழுப்பேறும். வடித்து, துணியால் ஒற்றி எடுத்த பிறகே எண்ணெயில் போட வேண்டும்.

இனி, குழைவு. கத்தரிக்காயின் சதை காற்று நிறைந்த பஞ்சு. போட்டவுடன் எண்ணெயை எல்லாம் குடித்துவிட்டு வாணலியைக் காயவிடும். உடனே மேலும் எண்ணெய் ஊற்றாதீர்கள். சற்றுப் பொறுத்தால் சதை அமுங்கி, குடித்ததில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். ஒவ்வொரு துண்டிலும் தோல் இருக்கும்படி நீளவாக்கில் பெரிதாக நறுக்குவது நல்லது, சதையைப் பிடித்து நிறுத்துவது தோல்தான். நல்ல சூட்டில் வெட்டிய முகங்கள் சிவக்கும்வரை தட்டைக் கரண்டியால் திருப்பிப் போடுங்கள், கிளறாதீர்கள். பிறகு தீயைக் குறைத்து, காய் பாதி வெந்த நிலையில் புளிக்கரைசல் இரண்டு மேசைக்கரண்டி விடுங்கள். புளிப்பில் காய் மெதுவாகத்தான் மெத்தென்று ஆகும். அந்தத் தாமதம்தான் அதைக் கூழாகாமல் காக்கிறது. முழுதும் வெந்த பிறகு புளி விட்டுப் பயனில்லை. கத்தி முனை தடையின்றி இறங்கி, தோல் இன்னும் சதையோடு ஒட்டியிருந்தால் அடுப்பை அணைத்துவிடலாம். மீதி வேக்காட்டை வாணலியின் சூடே பார்த்துக்கொள்ளும். ஊறும்போதே உப்பு கொஞ்சம் ஏறியிருக்கும், ஆகவே ருசி பார்த்து உப்பிடுங்கள்.

இரண்டு காயும் ஒரே குழம்பில் வேண்டுமென்றால் தனித்தனியாக வதக்குங்கள். கத்தரிக்காயைக் கொதி வந்ததும் போடலாம். வெண்டைக்காயை இறக்குவதற்கு மூன்று நான்கு நிமிடம் முன்பு சேர்த்தால் போதும்.