பொட்டலப் பாக்கும் இறுகும் வாயும்

கேள்வி: புகையிலை இல்லாத இனிப்புப் பாக்குதான் போடுகிறேன், வாய் ஏன் இறுகுகிறது?

வாயை இறுக்கப் பாக்கு மட்டுமே போதும். அதிலுள்ள அரிக்கோலின் என்ற வேதிப்பொருள் கன்னத்தின் உட்சவ்வில் கொலாஜன் நாரை அளவுக்கு மீறி உருவாக்கத் தூண்டுகிறது; துவர்ப்புப் பொருளான டானினும் பாக்கில் மிகுந்துள்ள செம்பும் அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைத்து, உடல் எளிதில் கரைக்க முடியாதபடி ஆக்கிவிடுகின்றன. பொட்டலப் பாக்கு உலர்ந்து செறிந்திருப்பதால், வெற்றிலையோடு போடுபவர்களைவிட இதைப் போடுபவர்களுக்குச் சில ஆண்டுகளிலேயே இறுக்கம் வந்துவிடுகிறது.

முதலில் ரசம்கூட எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளிறி, விரலால் தடவினால் கயிறு போன்ற பட்டைகள் தட்டுப்படும். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கிடையே நுழைத்துப் பாருங்கள். இரண்டுதான் நுழைகிறது என்றால் தாமதிக்காமல் பல் மருத்துவரைப் பாருங்கள். பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவது குறையலாம், ஆனால் உருவான நார் தானாக மறையாது. சிலருக்கு இந்தப் பாதிப்பு புற்றுநோயாகவும் மாறுவதால், நிறுத்திய பிறகும் பரிசோதனையைத் தொடர வேண்டும்.