பள்ளி யூனிஃபார்ம் கடை: ஜூன் பணம் மார்ச் வரை வர வேண்டும்

நாமக்கல் பக்கம் 19 வருடமாக யூனிஃபார்ம் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் ஆறு தையல் மெஷின். கேட்டவர்களுக்கு என் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

அக்கா, ஜூன்ல கல்லா நிறையுது. செப்டம்பர்ல வாடகைக்கே அலையுறோம். எங்க தப்பு?

ஜூன் கல்லாவில் பெரும்பங்கு துணி வியாபாரிக்கும் டெய்லர்களுக்கும் போக வேண்டியது தம்பி. அதைத் தீர்க்கும் வரை லாபம் என்று எதையும் எண்ணாதீர்கள்.

போன வருடம் எல்லாம் கொடுத்து முடித்து, ஜூலை முதல் வாரம் என் கையில் நின்றது 6,40,000 ரூபாய். வாடகை, கட்டிங் மாஸ்டர் சம்பளம், கடையில் நிற்கும் பெண்ணின் சம்பளம், கரண்ட், வீட்டுச் செலவு எல்லாம் சேர்ந்து மாதம் 63,500. சாக்ஸ், டை, கிழிந்த பேன்ட்டுக்கு மாற்று என்று மந்த மாதத்திலும் 18,000 மிஞ்சும். ஆக மாதம் 45,500 துண்டு விழுகிறது. ஜூலை முதல் மார்ச் வரை ஒன்பது மாதத்துக்கு 4,09,500.

ஜூலைக்கு உரியதைக் கையில் வைத்துக்கொண்டு, மீதியை எட்டு டெபாசிட்டாக, மாதம் ஒன்று முதிரும்படி பேங்கில் போட்டேன். மொத்தமாக ஒன்றாகப் போட்டால், ஓர் அவசரத்துக்கு உடைத்ததுமே எல்லாம் கரைந்துவிடும். மிஞ்சிய 2,30,500 அடுத்த சீசன் துணிக்கு. வீட்டுச் செலவை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டு, முதல் நாலு வருடம் நானும் செப்டம்பரில் தவித்திருக்கிறேன்.

சிசி லோன் இருக்கே மேடம்? எடுத்த பணத்துக்கு மட்டும்தானே வட்டி. அதுல ஓட்டிடலாமே?

வட்டி விஷயம் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் சம்பளத்துக்கும் வாடகைக்கும் எடுத்து எடுத்து, பிப்ரவரியில் லிமிட் நிறைந்துவிடும். துணி வாங்கும் மார்ச்சில் எடுக்க ஒன்றும் இருக்காது. அப்புறம் வியாபாரியிடம் கடனுக்கு வாங்க வேண்டும், மீட்டருக்கு அவர் கூட்டிச் சொல்லும் விலைதான். சிசி பணத்தைத் துணிக்கு மட்டும் எடுங்கள், ஜூனில் அடைத்துவிடுங்கள்.

போன சீசன் சரக்கு 140 பீஸ் கிடக்கு. பாதி விலைக்குத் தள்ளிடலாமா?

முதலில் பிரித்து எண்ணுங்கள். வெள்ளைச் சட்டையும் நேவி ப்ளூ பேன்ட்டும் பல பள்ளிகளுக்குப் பொது, அதைத் தள்ள வேண்டாம். வெயில் படாமல் மூடி வையுங்கள். மடிப்பில் மஞ்சள் விழுந்தால் வெள்ளை போச்சு.

செக் துணியும் பள்ளி லோகோவும்தான் ஆபத்து. ஒரு பள்ளி ஏப்ரலில் திடீரென்று செக்கை மாற்றியது. தைத்து அடுக்கிய 60 சட்டை அப்படியே நின்றுபோனது. அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது எல்லாவற்றிலும் பாக்கெட்டில் லோகோ. இப்போது ஜனவரியிலேயே பள்ளியிடம் மாற்றம் உண்டா என்று எழுத்தில் வாங்குகிறேன். லோகோ பாக்கெட்டைத் தனியாக எம்பிராய்டரி போட்டு வைத்து, மே கடைசியில்தான் சட்டையில் வைத்துத் தைக்கிறோம். பெரிய சைஸ்களை, 38க்கு மேல், ஆர்டர் வந்த பிறகே வெட்டுகிறோம். மிஞ்சியது துணியாக இருந்தால் அடுத்த வருடம் எந்த சைஸுக்கும் ஆகும். ஒன்று மட்டும் பாருங்கள்: பழைய லாட்டும் புது லாட்டும் ஷேடு மாறும். ஒரே சட்டையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

எங்களுது தீபாவளி ஸ்வீட். மைசூர்பாவ இப்படி முன்னாடியே போட்டு வைக்க முடியாதுக்கா. என்ன பண்றது?

உங்களுக்குச் சரக்கு தேங்காது, அந்தக் கவலை இல்லை. ஸ்வீட் போடும் மாஸ்டர் கைவிட்டுப் போவதுதான் கவலை, இல்லையா? பணத்தைப் பிரித்து வைக்கும் கணக்கு உங்களுக்கும் பொருந்தும். இனிப்பின் உள்விவரம் எனக்குத் தெரியாது, அதைச் செய்பவர்கள் சொன்னால் நல்லது.

டெய்லருக்கு வேலை இல்லாத மாசமும் சம்பளம் குடுக்கணுமா?

என்னிடம் பீஸ் கூலி. தீபாவளிக்கு முன் அவர்களே ஜாக்கெட் தைக்கப் போய்விடுவார்கள், அதைத் தடுப்பதில்லை. கார்த்திகையில் ஐயப்ப பக்தர்களுக்குக் கறுப்புச் சட்டை, அப்புறம் மேல்மருவத்தூருக்குச் சிவப்பு, தைப்பூசத்துக்குப் பழனி போகிறவர்களுக்குப் பச்சை. அந்த மூன்று மாதம் நாலு மெஷினாவது ஓடும். ஜூலை, ஆகஸ்ட்தான் வெறுமை. அப்போது ஆளுக்கு 4,000 முன்பணம் தந்து, ஏப்ரல் கூலியில் கழிக்கிறேன்.

முன்பணம் குடுத்தா ஏப்ரல்ல வேற கம்பெனிக்குப் போயிடுறாங்க. நான் ரெண்டு தடவ ஏமாந்தேன். மாசச் சம்பளமே மேல்.

ஆறு மெஷினுக்கு மாதச் சம்பளம் தாங்காது அண்ணா. ஆனால் போன வருடம் என்னிடமும் ஒருவர் வாங்கிக்கொண்டு வரவே இல்லை. இதற்கு இன்னும் எனக்கு வழி தெரியவில்லை.