பிள்ளையின் லவ் ஃபெயிலியரும் பெற்றோரின் முதல் பேச்சும்: கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பள்ளிகளில் 14 வருடமாக ஆலோசகராக இருக்கிறேன். மாலை ஆறிலிருந்து வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையில் பதில் எழுதுகிறேன். நான் சொல்லும் பிள்ளைகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

"பிளஸ் டூ படிக்கிற பையன். நாலு நாளா சரியா சாப்பிடல, தூங்கல. யாரோ ஒரு பொண்ணு பேசறத நிறுத்திட்டாளாம், அவன் ஃபிரெண்டு சொன்னான். நான் எதுவும் தெரியாத மாதிரி இருக்கவா, கேட்டுடவா?" (அம்மா, பாலக்கோடு பக்கம்)

கேளுங்கள் அம்மா. ஆனால் எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

போன வருடம் உங்கள் பக்கத்து ஊரிலிருந்து ஒரு அம்மா இதே நிலையில் போன் செய்தார். அப்பா ஏற்கெனவே, "மீசை முளைக்கல, அதுக்குள்ள லவ்வா" என்று சொல்லியிருந்தார். அதோடு பையன் அறைக்கதவைச் சாத்திவிட்டான். அன்று ராத்திரி மண்டிக்குப் போகத் தக்காளி தரம் பிரிக்கிற வேலை இருந்தது. பெண் யார், எந்த ஊர், என்ன சாதி என்று ஒன்றும் கேட்க வேண்டாம், அவனைக் கூட உட்கார வையுங்கள் என்று மட்டும் சொன்னேன். எதிரெதிரே உட்கார்ந்தால் அது விசாரணை ஆகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து, கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும்.

மூன்று பெட்டி நிறைந்த பிறகு அவனே சொன்னான்: "தினம் அதே பஸ்லதான் வர்றா. என்னைப் பார்க்கவே மாட்டேங்கிறா." அம்மா புத்தி சொல்லவில்லை. "தினமும் பார்த்துக்கிட்டே இருக்கணுமே, அதுதான்டா கஷ்டம்" என்றார். அவன் அழுதான். பிள்ளைகளுக்குப் பிரிவு ஒரு வலி என்றால், அதை வீட்டில் சொல்ல முடியாதது இன்னொரு வலி. தாத்தா செத்தால் ஊரே வந்து உட்காரும். இதற்கு யாரும் வருவதில்லை. அதனால்தான் பெரியவர்கள் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிவது அவர்களுக்கு அவ்வளவு கனக்கிறது.

அழுது ஓய்ந்ததும் அவர் நேராகவே கேட்டார்: "செத்துடலாம்னு தோணுதாடா?" கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு தடவை தோணுச்சு" என்றான். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, கேட்டால் பிள்ளைக்குப் பாரம்தான் குறைகிறது. "எப்படின்னு யோசிச்சியா, இப்பவும் தோணுதா?" என்றும் கேட்டார். யோசிக்கவில்லை என்றான். இருந்தும் அன்றே பம்ப் ஷெட்டில் இருந்த பூச்சிமருந்து மொத்தமும் அவன் மாமா வீட்டுக்குப் போனது. அம்மா கூடத்தில் அவன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். காலையில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார்.

அப்புறம் பள்ளிக்கு முந்தைய பஸ்ஸில் போக ஏற்பாடு செய்தோம். ஆறாவது நாள் ஒழுங்காகச் சாப்பிட்டான். 18-வது நாள் அந்தப் பெண்ணின் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துவிட்டான். அலை மாதிரிதான் வரும். அலைக்கும் அலைக்கும் நடுவே இடைவெளி கூடுகிறதா என்று பாருங்கள். இரண்டு வாரம் ஆகியும் தூக்கமும் சாப்பாடும் திரும்பவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். சாவு பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.

"நாங்க படிச்ச காலத்துல இதெல்லாம் இல்லையா? ரெண்டு நாள் அழுதோம், மறந்தோம். ரொம்ப தாங்கினா பிள்ளை இன்னும் பலவீனமாயிடும்." (அப்பா, காவேரிப்பட்டணம்)

பாதி சரி சார். பெரும்பாலான பிள்ளைகள் மருந்து மாத்திரை இல்லாமலே மீள்கிறார்கள். பள்ளி, விளையாட்டு, வீட்டு வேலை எதையும் நிறுத்தாமல் இருப்பதும் நல்லதுதான். ஆனால் "இதெல்லாம் ஒண்ணுமில்ல" என்ற பேச்சு வலியைக் குறைக்காது. உங்களிடம் சொல்வதை மட்டும் நிறுத்தும். அதோடு, நீங்கள் அழுத இரண்டு நாளும் கண்ணில் படாத ஆள், இன்று ராத்திரி பதினொரு மணிக்கும் கையிலிருக்கும் போனில் வந்து நிற்கிறார்.

"அப்போ போனைப் பிடுங்கிடலாமா?" (அம்மா, ஊத்தங்கரை)

மொத்தமாகப் பிடுங்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு எல்லோர் போனும் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து. தூக்கம் முதலில் திரும்ப வேண்டும்.

"நான் என் பையன் போனைப் பிடுங்கி உடைச்சே போட்டேன். இப்ப நல்லாத்தான் இருக்கான். நீங்க சொல்றது ஏட்டுச்சுரைக்காய்." (அப்பா, ஓசூர்)

அவன் நன்றாக இருந்தால் எனக்கும் சந்தோஷம்தான் அண்ணா. ஆனால் போனை உடைத்ததால்தான் தேறினான் என்று எப்படிச் சொல்வது? என்னிடம் வந்த பிள்ளைகளில் சிலருக்கு, ராத்திரி இரண்டு மணிக்கு அழ ஒரே துணை அந்தப் போனில் இருந்த நண்பன்தான். அதுவும் போன பிறகு யாருக்கும் தெரியாமல் தனித்துப் போனார்கள்.

"எந்நேரமும் அவள் ஸ்டேட்டஸையே பார்க்கிறவனுக்கு அண்ணன் சொன்னதுதான் சரி. நான் டியூஷன் டீச்சர், கண்ணால பார்க்கிறேன்." (ஓசூர்)

பார்ப்பதைக் குறைக்க வேண்டும் என்பதில் நமக்குள் பேதமே இல்லை டீச்சர். அந்த எண்ணை ஒரு மாதம் மியூட் செய்ய அவனே ஒத்துக்கொள்ளும்படி பேசலாம். அடம் பிடிக்கிற பிள்ளையிடம் எவ்வளவு தூரம் விட்டுப்பிடிப்பது என்பதற்கு என்னிடமும் ஒரே விடை இல்லை. வீட்டுக்கு வீடு மாறுகிறது.

"மேடம், போனை வாங்கி வெச்சுக்கலாமா?" (பெயர் இல்லை)

மேலே மூன்று பதில்கள் இருக்கின்றன, தயவுசெய்து படியுங்கள். யாரும் கேட்காத ஒன்றைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பூச்சிமருந்தைப் பூட்டுங்கள். மாந்தோப்பு, தக்காளித் தோட்டம், பூந்தோட்டம் வைத்திருக்கிற எல்லா வீடும். சாவி வீட்டு ஆணியில் தொங்கக் கூடாது. அந்த எண்ணம் உச்சத்தில் நிற்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும்.

"எனக்குக் கல்யாணமாகி 11 வருஷம். வீட்டுக்காரர் பேசறதே இல்ல. எனக்கும் இதே வலிதான்."

உங்கள் வலி வேறு அம்மா, இங்கே நாலு வரியில் முடியாது. 14416-க்கு அழையுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழில் பேசலாம், காசில்லை, ராத்திரியும் எடுப்பார்கள்.

"பொண்ணோட ஃபோட்டோவை வெச்சு அந்தப் பையன் மிரட்டறான். அசிங்கமா இருக்கு, எல்லாத்தையும் அழிச்சிடச் சொல்லிட்டேன்." (அம்மா, அரூர்)

மீதி இருப்பதை அழிக்க வேண்டாம், அதுதான் சாட்சி. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் கொடுக்கலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டமும் வரும். அதை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள், என் துறை இல்லை. மகளிடம் இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "உன் மேல கோபம் இல்ல."

"மந்திரிச்சுக் கயிறு கட்டினா சரியாகுமா?"

கட்டுங்கள். கட்டிவிட்டு டாக்டரிடமும் போங்கள்.

"என் தங்கச்சி பத்தாவது. ரெண்டு வாரமா அழுதுக்கிட்டே இருந்தவ இன்னிக்குக் காலையில இருந்து ரொம்ப அமைதியா, சிரிச்சுப் பேசறா. கலர் பேனா, கொலுசு எல்லாத்தையும் சித்தி பொண்ணுக்குக் குடுத்துட்டா. தேறிட்டா இல்ல?" (அண்ணன், பென்னாகரம்)

தம்பி, இதைப் படித்ததும் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். திடீர் அமைதியும், ஆசைப்பட்ட பொருளைக் கொடுத்துவிடுவதும் தேறிய அடையாளமாக இல்லாமல் போகலாம். முதல் பதிலில் அந்த அம்மா கேட்டாரே, "செத்துடலாம்னு தோணுதா" என்று, அதை அப்படியே கேளுங்கள். ஒரு நிமிடம்கூடத் தனியாக விட வேண்டாம். வீட்டில் இருக்கிற மருந்தை அப்பா எடுத்துப் போகட்டும். தோணுது என்று சொன்னாலும், பதிலே சொல்லாவிட்டாலும் 108-ஐ அழைத்து இன்றிரவே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். வழியில் 14416-இல் பேசிக்கொண்டே போகலாம். மீதிக் கேள்விகள் நாளைக்கு. உங்கள் பதில் வரும்வரை நான் இங்கேயே இருக்கிறேன்.